பார்ட்னர் முடிவில் உடன்பாடு இல்லையா? ஒரு மூட்டை நூலில் பார்த்துவிடுங்கள்

பார்ட்னர் எடுத்த முடிவு சரியில்லை என்று பட்டால் “வேண்டாம்” என்று சொல்லாதீர்கள். உங்கள் கவலையை அளக்கிற மாதிரி சொல்லி, சின்னதாக ஒரு சோதனை கேளுங்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைகிறது என்று நூல் முழுவதையும் புது மில்லுக்கு மாற்றப் பார்க்கிறார் பார்ட்னர். “விலை நல்ல விலைதானுங்கண்ணா. துவைத்தால் சுருங்குமோ, சாயம் போட்டால் பட்டை விழுமோ என்றுதான் யோசனை. ஒரு மூட்டை மட்டும் வாங்கி, நம்ம மெஷினிலேயே ஓட்டிப் பார்த்துடலாமுங்களா?” என்று கேட்கலாம். சரி என்றதும், எவ்வளவு சுருங்கினால் வேண்டாம், ரோலுக்கு எத்தனை ஓட்டை வரை பரவாயில்லை என்பதை நூல் வரும் முன்பே இருவரும் எழுதிவிடுங்கள். இதுதான் முக்கியம். துணி வந்தபின் பேசினால் அவரவர் ஆசைக்குத்தான் அளவு வளையும். முன்பே எழுதியிருந்தால், தோற்றது நூல்தான், ஆள் இல்லை. அவருக்கும் முகம் வாடாது.

சாம்பிள் என்று மில்லில் கேட்காதீர்கள், பொறுக்கி எடுத்த நூலாக வந்துவிடலாம். வழக்கமான கொள்முதலாகவே வாங்குங்கள். பழைய நூலோடு கலந்தும் ஓட்டாதீர்கள். பட்டை விழுந்தால் காரணம் எது என்றே தெரியாது.

கடனுக்கு ஜாமீன் கையெழுத்து, இடம் வாங்குவது போன்றவற்றுக்கு இது ஒத்துவராது. அவற்றில் பாதி செய்து பார்க்க வழியில்லை. கையெழுத்துக்கு முன்பே ஆடிட்டரை வைத்துப் பேசிவிட வேண்டும்.