அறுந்த கயிறு எங்கே அடிக்கும்? மூரிங் டெக்கில் நிற்பவர்கள் செய்யும் தவறுகள்

முதல் கப்பலில் ஓ.எஸ்., அதாவது கடைநிலை மாலுமியாகச் சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். மூரிங், அதாவது கப்பலை ஜெட்டியில் கயிறு போட்டுக் கட்டும் வேலை, நடந்துகொண்டிருந்தது. கப்பல் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் ஸ்பிரிங் கயிறு முன்தளத்தில் இறுகிக்கொண்டே வந்தது. வெளியே எட்டிப் பார்க்க வசதியாக இருக்கிறதே என்று, கயிறு திரும்பும் உருளைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "ஏலே, அங்கன நிக்காத, பின்னால வா" என்றார் டெக் ஆட்களுக்குத் தலைவரான போசன், தூத்துக்குடிக்காரர். போனேன். "இன்னும் பின்னால" என்றார். கயிற்றுக்கும் எனக்கும் ஆறேழு மீட்டர் இடைவெளி இருந்தது; இதற்கு மேல் எங்கே போவது என்று எரிச்சலாகக்கூட இருந்தது. அன்று கயிறு அறுபடவில்லை. ஆறேழு மீட்டர் ஏன் போதாது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் சரியாகப் புரிந்தது.

நாம் செய்யும் முதல் தவறு, கயிறு அறுந்தால் "விழும்" என்று நினைப்பது. அது விழாது, பாயும். இழுக்கப்பட்ட கயிறு, இழுத்துப் பிடித்த உண்டிவில் ரப்பர் மாதிரி. எவ்வளவு நீண்டிருக்கிறதோ அவ்வளவு ஆற்றலை உள்ளே வைத்திருக்கும். கணக்கு எளிதுதான்: இழுவிசையில் பாதியை, கயிறு நீண்ட தூரத்தால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு 40 மீட்டர் நைலான் கயிறு 30 டன் இழுவையில் 6 மீட்டர் நீண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் ஆற்றல் சுமார் 900 கிலோஜூல். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதனிடம் இருப்பது 400 கிலோஜூலுக்கும் கொஞ்சம் குறைவு. அப்படி இரண்டு கார்களுக்கு மேல் ஒரு கயிற்றுக்குள் அடைந்து கிடக்கிறது. நிஜத்தில் கயிறு இவ்வளவு சீராக நீள்வதில்லை, அதனால் இது தோராயம்தான். ஆனால் எந்த அளவு என்று காட்டப் போதும்.

அறுந்த நொடியில் இவ்வளவும் கயிற்றின் வேகமாக மாறுகிறது. நுனி நொடிக்கு 100 மீட்டர் போகிறது என்று வைத்தால், ஒரு மனிதன் சத்தம் கேட்டு உடம்பை அசைக்கத் தொடங்கும் கால் நொடிக்குள் அது 25 மீட்டர் வந்துவிடும். அறுந்தால் குனிந்துகொள்ளலாம், ஓடிவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. நைலான் அறுவதற்கு முன் சில சமயம் முறுமுறுவென்று சத்தம் போடும். எல்லாக் கயிறும் போடாது, அதை நம்பி நிற்க முடியாது.

இரண்டாவது தவறு திசையைப் பற்றியது. கயிறு இருக்கிற கோட்டிலேயே திரும்பி வரும், அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்காவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறோம். கயிற்றை இழுக்கும் இயந்திரமான வின்ச்சிலிருந்து, கயிறு கப்பலை விட்டு வெளியேறும் வழியான ஃபேர்லீடுக்கு நேராகப் போகும் கயிற்றுக்கு அது ஓரளவு பொருந்தும்; அங்கேயும் நுனி பக்கவாட்டில் விலகி, கூம்பு மாதிரி விரிந்து அடிக்கும். ஆனால் டெக்கில் பல கயிறுகள் நேராகப் போவதில்லை. வின்ச் டிரம்மிலிருந்து கிளம்பி, டெக்கில் நிற்கும் ஒரு பெடஸ்டல் உருளையைச் சுற்றித் திரும்பி, அப்புறம்தான் ஃபேர்லீடு வழியாக வெளியே போகின்றன.

ஒரு கயிற்றை எடுத்துக்கொள்வோம். உருளையிலிருந்து ஃபேர்லீடு 9 மீட்டர். கயிறு ஃபேர்லீடைத் தாண்டி வெளியே 15 மீட்டரில் அறுகிறது. உருளைக்கு அப்பால் கப்பல் பக்கம் மிச்சமிருப்பது 24 மீட்டர் கயிறு. அது ஃபேர்லீடு வழியாக உள்ளே பாய்ந்து, உருளையை நோக்கி வந்து, அதைத் தாண்டி, பின் உருளையை மையமாக வைத்துச் சாட்டை மாதிரி சுழலும். சாட்டையின் நீளம் 24 மீட்டர். பல கப்பல்களில் முன்தளத்தின் அகலமே அவ்வளவுதான். ஃபேர்லீடிலிருந்து உருளைக்கு வரும் கோட்டைப் பின்னால் நீட்டினால் அங்கே நிற்பவர்தான் முதலில் அடிபடுவார். அந்தக் கோட்டிலிருந்து வெகுதூரம் விலகி, கயிறே இல்லாத பக்கத்தில் நிற்பவரும் சுழற்சியில் மாட்டலாம். என் ஆறேழு மீட்டரின் கதை இதுதான்.

உருளையோ அதன் தண்டோ பிய்த்துக்கொண்டால் விபத்து வேறு மாதிரி. வளைந்து போய்க்கொண்டிருந்த கயிறு ஒரே வீச்சில் டிரம்முக்கும் ஃபேர்லீடுக்கும் நடுவே நேராகிவிடும். டிரம், உருளை, ஃபேர்லீடு மூன்றையும் சேர்த்தால் வரும் முக்கோணத்துக்குள் நிற்பவருக்குத் தப்ப வழியே இல்லை. இழுவை இருக்கும்போது அந்த முக்கோணத்துக்குள் கால் வைக்கக் கூடாது, குறுக்கே நடந்து போகவும் கூடாது. கயிற்றைத் தாண்டிப் போவதும் இதே கணக்குதான்.

இங்கேதான் மஞ்சள் பெயிண்ட் விவகாரம் வருகிறது. ஒரு காலத்தில் டெக்கில் அபாயப் பகுதியைக் கோடு போட்டு வைப்பது நல்ல நடைமுறை என்று எல்லோரும் நினைத்தோம், நானே பெயிண்ட் அடித்திருக்கிறேன். ஆனால் கயிறு எங்கே அறும் என்பதைப் பொறுத்துச் சாட்டையின் நீளம் மாறுகிறது, கப்பலுக்குக் கப்பல் மட்டுமல்ல, துறைமுகத்துக்குத் துறைமுகம் கயிறு போகும் கோணமும் மாறுகிறது. தரையில் ஒரு முறை போட்ட கோடு இதையெல்லாம் எப்படிச் சொல்லும்? கோட்டுக்கு ஒரு அடி வெளியே நிற்பவனுக்கு "நான் தப்பித்தேன்" என்ற நினைப்பை மட்டும் அது கொடுக்கும். வணிகக் கப்பல் பணியாளர்களுக்கான பிரிட்டனின் பாதுகாப்புக் கையேடு, இந்தப் போலி நம்பிக்கையைக் காரணம் காட்டியே அபாயப் பகுதிகளைப் பெயிண்ட் அடிப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. மூரிங் டெக் முழுவதையும் அபாயப் பகுதியாகவே கருத வேண்டும் என்பது அதன் நிலை. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

மூன்றாவது தவறு கொஞ்சம் நுட்பமானது, விவரம் தெரிந்தவர்களும் செய்வது. "இது புதுக் கயிறு, நீளாது, அதனால் பாயாது" என்பார்கள். எச்.எம்.பி.இ. என்ற வலுவான பாலிஎத்திலீன் இழையில் செய்த கயிறுகளைத்தான் சொல்கிறார்கள். இரும்புக் கம்பிக் கயிற்றுக்குப் பதிலாக வந்தவை, எடை குறைவு, நீட்சி மிகக் குறைவு. மேலே போட்ட கணக்கையே இதற்கும் போட்டால், 40 மீட்டர் கயிறு 30 டன்னில் 40 சென்டிமீட்டர்தான் நீள்கிறது என்றால் ஆற்றல் 60 கிலோஜூல். நைலானோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை என்றே தோன்றும். ஆனால் நீளாத கயிற்றை அப்படியே ஜெட்டியின் கட்டுத்தூணான பொல்லார்டில் மாட்டினால் அலை வந்து கப்பலை அசைக்கும்போது குலுக்கல் முழுதும் கயிற்றில் விழும். அதனால் நுனியில் நீளக்கூடிய ஒரு செயற்கை இழைத் துண்டை, டெயில் என்பதை, சேர்க்கிறார்கள். அந்த டெயில் 22 மீட்டர் இருந்து, அதே 30 டன்னில் ஒன்றரை மீட்டர் நீண்டால் கூடுதலாக 225 கிலோஜூல். நீளாத கயிறு என்று நம்பி நிற்கிற இடத்தில், கயிற்றின் சொந்த ஆற்றலைப் போல நான்கு மடங்குக்குக் கொஞ்சம் குறைவான ஆற்றலை டெயில் கொண்டுவந்து வைக்கிறது. கயிறு அறுந்தால் அதைத் தள்ளிவிடுவது அந்த ஆற்றல்தான்.

2015 மார்ச் 2 அன்று இது நடந்தது. திரவ இயற்கை எரிவாயு ஏற்றிச் செல்லும் ஸர்கா என்ற 345 மீட்டர் நீள எல்.என்.ஜி. கப்பல், வேல்ஸில் மில்ஃபோர்டு ஹேவனிலுள்ள சவுத் ஹூக் முனையத்தில் கட்டிக்கொண்டிருந்தது. கப்பலைச் சரியான இடத்துக்கு நகர்த்த வின்ச்சில் இழுத்துக்கொண்டிருந்தபோது முன்பக்க ஸ்பிரிங் அறுந்தது. எச்.எம்.பி.இ. கயிறுதான், நுனியில் டெயில் இருந்தது. முன்தளக் குழுவுக்குப் பொறுப்பாக நின்ற அதிகாரியின் தலையில் அடித்து, அவருக்குக் கடுமையான காயம். பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு ஆராய்ந்தபோது இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. ஒன்று, டெயில் சேர்த்ததால் வரும் பாய்ச்சல் அபாயம் சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை. டெயில் நீளமாக ஆக அபாயமும் கூடும் என்று அந்தப் பிரிவு தனியே எச்சரிக்கை வெளியிட்டது. இன்னொன்று, அறிவிக்கப்பட்ட வலிமைக்கு வெகு கீழான சுமையிலேயே கயிறு அறுந்திருக்கிறது. உள் இழைகள் மடங்கி நைந்துபோயிருந்தன. மேலே உறை போட்ட கயிறு என்பதால் வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது.

கயிற்றுச் சான்றிதழில் இருக்கும் டன் கணக்கைப் பார்த்து "இதற்கு இது பாதி சுமைகூட இல்லை" என்று நெருங்கி நிற்பதும் அதனால் தவறுதான். அந்த எண் புதுக் கயிற்றின் எண். உறை இல்லாத கயிறென்றால் புரிகளைத் திருகிப் பிரித்துப் பார்க்கலாம்: உள்ளே பொடி உதிர்கிறதா, இழைகள் உருகி ஒட்டிப் பளபளக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் விறைப்பாகவோ மெலிந்தோ இருக்கிறதா என்று. உறை போட்டதில் கட்டியோ பள்ளமோ கைக்குத் தட்டுப்பட்டால் சந்தேகப்பட வேண்டியதுதான். 2024 ஜனவரியிலிருந்து, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் விதிகள் கயிறு ஆய்வையும் பராமரிப்பையும் பழைய கப்பல்களுக்கும் கட்டாயமாக்கியிருக்கின்றன.

சரி, எங்கேதான் நிற்பது? கயிறு கொடுப்பதற்கு முன்பே, அந்த ஜெட்டியில் எந்தக் கயிறு எந்த வழியாகப் போகப்போகிறது என்று டெக்கில் நடந்து பார்த்துவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முக்கோணம் எது, உருளைக்குப் பின்னால் கோடு எங்கே போகிறது, சாட்டை எதுவரை சுழலும் என்று. பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் ஆட்களை நிறுத்த வேண்டும். பெரும்பாலும் மிச்சமிருப்பது, கயிறு போகும் திசைக்கு எதிர்ப்பக்கம், வின்ச் அல்லது வேறு ஏதாவது கனமான இரும்பு நடுவே மறைப்பாக இருக்கும் இடம். வின்ச் லீவர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வின்ச் ஆள் நிற்க முடியும். அந்த இடமே கயிற்றின் கோட்டில் விழுந்தால் கயிற்றை வேறு வழியாகக் கொண்டுபோக வேண்டும், அல்லது தூரத்திலிருந்து இயக்கும் கட்டுப்பாடு இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். அவசரத்தில் இதைத் தாண்டிப் போய்விடுவோம்.

பொறுப்பதிகாரிதான் அதிகம் ஆபத்தில் நிற்பவர். வெளியே கயிறு எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும், வின்ச் ஆளுக்குக் கை காட்ட வேண்டும்; இரண்டும் தெரியும் இடம் பெரும்பாலும் ஃபேர்லீடுக்குப் பக்கத்தில்தான் அமைகிறது. கயிறு தளர்வாக இருக்கும்போது போய்ப் பார்த்துவிட்டு, இழுக்கத் தொடங்கும் முன் விலகி வந்துவிடுவது நல்லது. அவர் வந்து சேரும்வரை இழுக்கக் கூடாது என்று வின்ச் ஆளிடம் முன்பே சொல்லி வைக்கலாம். வேலை இல்லாத கேடட், வேடிக்கை பார்க்க வந்த குக் யாரும் இழுவை நேரத்தில் அங்கே இருக்க வேண்டியதில்லை.

ஜெட்டியில் கயிறு பிடிக்கிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. அறுந்த கயிற்றின் இன்னொரு பாதி அவர்கள் பக்கம்தான் பாய்கிறது, டெயில் இருக்கும் பக்கமும் அதுதான். கண்ணியைப் பொல்லார்டில் மாட்டிவிட்டு, அடுத்த கயிறு வரும்வரை அதே பொல்லார்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பீடி பற்றவைப்பவர்களைப் பல துறைமுகங்களில் பார்த்திருக்கிறேன். கப்பலில் இருந்து நாம் கத்தி, கை காட்டி, அவர்கள் எழுந்து போன பிறகுதான் இழுக்கச் சொல்ல வேண்டும்.