கர்ப்பத்தில் வெற்றிலைப் புகையிலையை விடுவது எப்படி: நான் செய்தது, தடுக்கி விழுந்தது

புகைபிடிப்பீர்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. கர்ப்பிணிப் பதிவுப் படிவத்தில் அந்த ஒரு கேள்விதான் இருந்தது, நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஆனால் அந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது என் இடது கன்னத்துக்குள் வெற்றிலையோடு புகையிலை அடங்கிக் கிடந்தது. பாட்டியிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம், சிங்கப்பூருக்கும் கூடவே வந்துவிட்டது.

புகை இல்லையே, பிள்ளைக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். நிகோடினுக்குப் புகை தேவையில்லை. வாயின் உள்தோல் வழியாகவே அது இரத்தத்தில் கலக்கும். நாம் தடவும் சுண்ணாம்பு எச்சிலைக் காரமாக்கி, அந்த வேலையை இன்னும் எளிதாக்குகிறது. நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் குறைகிறது. மெல்லும் புகையிலையாலும் எடை குறைந்த பிள்ளை, குறைமாதப் பிரசவம், வயிற்றிலேயே பிள்ளை இறந்துபோவது ஆகிய ஆபத்துகள் கூடுகின்றன.

முதல் வேலை: ஒரு நாள் கணக்கு

நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் நேரத்தை மட்டும் குறியுங்கள். என் தாளில் இருந்தது இது: 5.40, 7.15, 10.00, 12.50, 3.30, 6.00, 8.40, 10.10. மொத்தம் எட்டு முறை. எண்ணிக்கையைவிட முதல் வரி முக்கியம். 5.30க்கு எழுந்தவள் பல் தேய்ப்பதற்கு முன்பே 5.40க்குப் போட்டிருக்கிறேன். எழுந்த அரை மணி நேரத்துக்குள் தேவைப்பட்டால் பிடி இறுகிவிட்டது என்று பொருள். இன்னொன்று, கர்ப்பத்தில் உடல் நிகோடினை வழக்கத்தைவிட வேகமாக வெளியேற்றிவிடுகிறது. அதனால்தான் முன்பு மூன்று மணி நேரம் தாங்கியவள் இரண்டு மணி நேரத்திலேயே தவித்தேன். மனவுறுதி குறைந்துவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டதெல்லாம் வீண்.

அடுத்து: படிவம் கேட்காததையும் சொல்லுங்கள்

குட்கா, கைனி, ஜர்தா போன்றவற்றுக்கு இங்கே 2016 ஆகஸ்ட் 1 முதல் தடை இருக்கிறது. ஊரிலிருந்து வந்தவர் பையில் வந்த பொட்டலம் என்னுடையது. அந்தப் பயமே என் வாயைக் கட்டிப்போட்டது. கடைசியில் அந்தத் தாளைத் தாதியிடம் நீட்டினேன். "எவ்வளவு, எப்போது முதல்?" என்று மட்டும் கேட்டார். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

புகையிலையை விடுவதற்கான தொலைபேசி எண் 1800 438 2000. அழைத்தவுடனே தமிழில் பேச முடியுமா என்று கேட்டுவிடுங்கள், பாதிப் பேச்சில் தடுமாற வேண்டாம். கர்ப்பிணிக்கு முதல் சிகிச்சை இந்த ஆலோசனைப் பேச்சுதான். வேட்கை வந்தால் சில நிமிடங்களில் தணிந்துவிடும், அதுவரை கைக்கு வேலை கொடு என்றார்கள். 10.00 மணிக்கு முருங்கைக்கீரை ஆய்ந்தேன், 3.30க்கு மாடிப்படி இறங்கினேன். எட்டு முறை மூன்றாகக் குறைந்தது. அந்த மூன்று மட்டும் நகரவில்லை.

நான் வழுக்கிய இடம்: நிகோடின் கம்

அந்த மூன்றுக்காகத்தான் மருத்துவர் 2 மில்லிகிராம் நிகோடின் கம் கொடுத்தார். கர்ப்பத்தில் இதை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். உங்கள் கணக்கைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். விடுவதற்கான மாத்திரைகளும் உண்டு, அவை கர்ப்பிணிக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. சூயிங்கத்துக்கு 1992இல் தடை போட்ட ஊர் இது. 2004 முதல் மருத்துவக் குணமுள்ள கம்முக்கு மட்டும் வழிவிட்டிருக்கிறார்கள். அதனால் கடை அலமாரியில் தேடாதீர்கள், மருந்தாளரிடம் கேளுங்கள்.

முதல் நாள் அதை வெற்றிலையைப்போலவே மென்றேன். விடாமல் மென்று சாற்றை விழுங்கினேன். விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் எல்லாம் சேர்ந்து வந்தன. மசக்கை என்று நினைத்து இரண்டு நாள் படுத்துவிட்டு, கம் ஒத்துவரவில்லை என்று முடிவுகட்டி மறுபடி பொட்டலத்தைப் பிரித்தேன். தவறு கம்மில் இல்லை. விழுங்கிய நிகோடின் வயிற்றைக் கலக்கும், அதில் பெரும்பகுதி கல்லீரலிலேயே சிதைந்தும் போகும். வேட்கையும் அடங்காது, வயிறும் கெடும்.

சரியான முறை இது. மிளகு கடித்ததுபோல் சுருக்கென்று வரும்வரை மெதுவாக மெல்லுங்கள். சுருக்கென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் தணிந்ததும் மறுபடி சில கடி, பிறகு மறுகன்னத்தில் ஒதுக்கல். ஒரு துண்டு அரை மணி நேரம் வரும். ஒதுக்கி வைக்க நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, மெல்லாமல் இருக்கத்தான் பழக வேண்டும்.

காபி குடித்த கையோடு போடாதீர்கள். சுண்ணாம்பின் கணக்கு இங்கே தலைகீழாக வேலை செய்கிறது: காபியும் பழச்சாறும் வாயைப் புளிப்பாக்குவதால் நிகோடின் உள்ளே ஏறாது. போடுவதற்கு முன் 15 நிமிடம் தண்ணீர் மட்டும் குடியுங்கள். என் 7.15 காபி 6.45க்குப் போனது. அன்றுதான் அந்த வேளை முதன்முதலாக வெற்றிலை இல்லாமல் கழிந்தது.

ஒட்டும் பட்டையும் உண்டு. கர்ப்பத்தில் அதை இரவில் கழற்றிவிடச் சொல்கிறார்கள். வாய் சும்மா இருக்க முடியாத என்னைப்போன்றவர்களுக்குக் கம்தான் மேல் என்பது என் கட்சி.

புகையிலையை மட்டும் விடு, பாக்கு செரிமானத்துக்கு நல்லது என்று மாமியார் சொன்னார். புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்திவிட்டது. பாக்கிலுள்ள பொருளும் பிள்ளையைச் சென்று சேரும். நான் ஏலக்காய்க்கு மாறினேன்.

சேர்த்தது: ஒரு வாசகியின் கணவர்

"அவர் சமையலறைச் சன்னலில் நின்றுதான் புகைக்கிறார், மின்விசிறியும் ஓடுகிறது, போதாதா அக்கா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. காற்று உள்ளே அடித்தால் புகையும் உள்ளேதான் வரும், சன்னலும் விசிறியும் அதை முழுதாக அகற்றுவதில்லை. அதற்காக அவரை வாசல் நடைபாதைக்கு அனுப்பவும் முடியாது. வீவக புளோக்கின் பொது நடைபாதை, படிக்கட்டு, கீழ்த்தளம் மூன்றிலும் சட்டப்படி புகைபிடிக்கக் கூடாது. வேப் தீர்வல்ல, இங்கே அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். என் வீட்டுக்காரர் கீழே இறங்கித் திறந்தவெளிக்குப் போனார். பத்தாவது மாடியிலிருந்து ஒவ்வொரு முறையும் இறங்கி ஏறிச் சலித்துப்போய், என்னிடமிருந்த அதே எண்ணை அவரும் அழைத்தார்.

இரண்டாவது சேர்க்கை: மது

கர்ப்பத்தில் இவ்வளவு குடித்தால் பாதுகாப்பு என்று ஓர் அளவு கிடையாது. எப்போதாவது குடிப்பவர் இன்றே நிறுத்திவிடலாம். ஆனால் தினமும் அதிகம் குடிப்பவர் என்றால், காலையில் கைநடுக்கமும் வியர்வையும் வருகிறவர் என்றால், தனியாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. மருத்துவமனையின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். மனநலக் கழகத்தில் இயங்கும் தேசியப் போதைப்பழக்க நிர்வாகச் சேவையின் எண் 6732 6837. நடுக்கம் கூடினாலோ குழப்பம் வந்தாலோ 995ஐ அழையுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு உடம்பு தேற பிராந்தி கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இரத்தத்தில் மது எந்த அளவில் இருக்கிறதோ கிட்டத்தட்ட அதே அளவில் தாய்ப்பாலிலும் இருக்கும். பத்தியச் சமையலுக்கு வருபவரிடம் எட்டாம் மாதமே இதைச் சொல்லிவிடுங்கள். பிள்ளை பிறந்த அன்று வாதாடத் தெம்பு இருக்காது.