ஓய்வுபெறும் முன் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டிய கணக்கு

2004-க்கு முன் மத்திய அரசுப் பணியில் சேர்ந்து, 60 வயதில் ஓய்வுபெறவுள்ள எழுத்தர், பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், மாத ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை ஒப்படைத்து முன்கூட்டியே மொத்தமாகப் பெறும் கம்யூட்டேஷன் தொகை ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டும் அட்டவணையை அலுவலகத் தலைவரிடம் எழுத்து மூலம் கேட்பது நல்லது. மொத்தத் தொகையை மட்டும் தந்தால் போதாது. ஒவ்வொரு இனத்துக்கும் எடுத்துக்கொண்ட சம்பளம், பணிக்காலம், பிடித்தம் ஆகியவையும் அதில் இருக்க வேண்டும் என்று கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.

கம்யூட்டேஷன் தொகையை நீங்களே சரிபார்த்துவிடலாம். அடிப்படை ஓய்வூதியம் 30,000 ரூபாய் என்றால், அதில் அதிகபட்சமாக 40 விழுக்காட்டை, அதாவது 12,000 ரூபாயை, ஒப்படைக்கலாம். அடுத்த பிறந்தநாளில் 61 வயது நிறைவதால் பெருக்கு எண் 8.194 ஆகும், 12,000-ஐ 12 மாதங்களாலும் 8.194-ஆலும் பெருக்கினால் 11,79,936 ரூபாய் வருகிறது. அட்டவணையில் இதைவிடக் குறைவாக இருந்தால், ஒப்படைத்த விழுக்காட்டையோ வயதையோ தவறாக எடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

பலரும் கேட்க மறப்பது தேதியைத்தான். ஓய்வூதியம் 18,000 ரூபாயாகக் குறையத் தொடங்கும் நாளிலிருந்து 15 ஆண்டுகள் கழித்தே முழு ஓய்வூதியம் திரும்பக் கிடைக்கும் என்பதால், அந்த நாளையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இடைப்பட்ட காலத்திலும் அகவிலை நிவாரணம் 30,000 ரூபாய்க்கே கணக்கிடப்பட வேண்டும். குறைக்கப்பட்ட தொகைக்குக் கணக்கிட்டிருந்தால் உடனே திருத்தம் கேளுங்கள். ஓய்வுபெற்று ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் கம்யூட்டேஷனுக்கு மருத்துவப் பரிசோதனை தேவையில்லை.