வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன், ஆனாலும் பழையதே வேலை செய்கிறதே!

கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். "ரூம்ல ஒரு ஆளும் இல்ல தம்பி, நெட்டு மட்டும் நகரவே மாட்டேங்குது." சீசனில் வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்டைத்தான் கொடுத்திருக்கிறார். அது போதாதென்று ஹாலில் ஒட்டியும் வைத்திருக்கிறார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். போனிலேயே படிப்படியாகச் சொல்லி மாற்ற வைத்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ரவுட்டரில் இரண்டு பாஸ்வேர்டு இருக்கிறது. ஒன்று வைஃபையில் சேர நாம் போடுவது. மற்றொன்று ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழைவதற்கானது. குழப்பத்தில் பாதி இங்கேதான் வருகிறது. ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள், அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முகவரி, யூசர்நேம், பாஸ்வேர்டு மூன்றும் பெரும்பாலும் அதிலேயே அச்சாகியிருக்கும். அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போனை உங்கள் வைஃபையில் இணைத்துவிட்டு மொபைல் டேட்டாவை அணையுங்கள். டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் சில போன்கள் ரவுட்டரை விட்டுவிட்டு வெளியே தேடப் போய்விடும். பிறகு பிரவுசரின் மேலே உள்ள முகவரிப் பெட்டியில் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை அடியுங்கள். வழக்கமாக இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்:

```
http://192.168.1.1
http://192.168.0.1
```

அக்கா இதைக் கூகுள் தேடலில் அடித்துவிட்டு, "என்னென்னமோ கடை வருதுப்பா" என்றார். முன்னால் `http://` சேர்த்தால் அந்தச் சிக்கல் வராது. ஸ்டிக்கர் கிழிந்திருந்தால், ஆண்ட்ராய்டு போனில் வைஃபை பெயரைத் தொட்டு உள்ளே போய் Gateway என்ற வரியைப் பாருங்கள். ஐபோனில் அதுவே Router என்று இருக்கும். "பாதுகாப்பற்றது" என்று பிரவுசர் எச்சரித்தால் பயப்பட வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டரோடுதான் பேசுகிறீர்கள்.

உள்ளே போனதும் Wireless, WLAN, Wi-Fi இவற்றில் ஒன்றைத் தேடுங்கள். அதற்குள் Security இருக்கும். பாஸ்வேர்டு போடும் இடத்துக்கு ரவுட்டரைப் பொறுத்து Password, Pre-Shared Key, WPA Passphrase என்று ஏதாவது பெயர் இருக்கும். பூட்டின் வகை WPA2-PSK என்று இருந்தால் அப்படியே விடுங்கள். None, WEP என்றிருந்தால் WPA2-க்கு மாற்றுங்கள்.

புதிய பாஸ்வேர்டில் குறைந்தது 8 எழுத்து வேண்டும், 63 வரை போகலாம். வீட்டுப் பெயர், போன் நம்பர் வேண்டாம். சம்பந்தமில்லாத மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தால் ஞாபகத்தில் நிற்கும், `kambali-7-Eeral-paal` மாதிரி (இதையே போட்டுவிடாதீர்கள்). பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதால் முதலில் தாளில் எழுதி, அதைப் பார்த்து அடியுங்கள்.

Save அல்லது Apply தொட்டதும் வைஃபை அறுந்துவிடும், பக்கம் அப்படியே தொங்கும். கெட்டுப்போகவில்லை, போன் இன்னும் பழைய பாஸ்வேர்டோடு கதவைத் தட்டுகிறது, அவ்வளவுதான். வைஃபை பெயரைத் தொட்டு Forget கொடுத்து, புதியதைப் போட்டுச் சேருங்கள்.

அக்கா இதெல்லாம் சரியாகவே செய்தார். பத்து நிமிடம் கழித்து, "பக்கத்து வீட்டுப் பையன் இன்னும் வீடியோ பாத்துட்டுத்தான் இருக்கான்" என்றார். காரணம் இதுதான்: இப்போதைய ரவுட்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வைஃபை விடுகின்றன. இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம், தனித்தனி பாஸ்வேர்டு. அக்கா 5-ஐ மட்டும் மாற்றியிருந்தார். சுவர் தாண்டி அதிக தூரம் போவது 2.4 தான். பையனுக்குக் கிடைத்ததும் அதுதான். திரும்ப உள்ளே போய் அடுத்த பக்கத்திலும் மாற்றிய பிறகே அடங்கியது. சில ரவுட்டரில் இரண்டுக்கும் ஒரே இடம்தான்; அங்கே இந்த வேலை இல்லை.

நுழையும் பாஸ்வேர்டே தெரியவில்லை என்றால், பின்னாலுள்ள ரீசெட் ஓட்டையில் குண்டூசி விடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். அது எல்லாவற்றையும் அழித்துவிடும். ஃபைபர் இணைப்பாக இருந்தால் நிறுவனம் போட்டுக்கொடுத்த லாகினும் போய்விடலாம். அப்புறம் நெட்டே வராது. மழைக்காலத்தில் டெக்னீஷியன் மலையேறி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்கு முன்னால் இணைப்பு கொடுத்தவருக்கு ஒரு போன் போடுவது மேல்.

கடைசியாக, செட்டிங்ஸ் பக்கத்தில் Connected Devices என்று ஒரு பட்டியல் இருக்கும். அக்காவுடையதில் காலையில் பதினொன்று. மாலையில் இரண்டு போன், ஒரு டிவி, மூன்றுதான். வாசல் கேமரா மட்டும் காணவில்லை. அதற்குப் புதிய பாஸ்வேர்டை யாரும் சொல்லவில்லையே! கேமராவின் ஆப்பில் போய் 2.4-இன் பாஸ்வேர்டைப் போட்டதும் நாலாவதாக வந்து சேர்ந்தது.