கெடுவை முன்னால் நகர்த்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் ஒரே யோசனையோடு வருகிறார்கள். 20ஆம் தேதி கொடுக்க வேண்டியதை 14 என்று நாள்காட்டியில் குறித்துவிட்டால் போதும், மிச்சம் தானாக நடந்துவிடும் என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். யோசனை சரிதான், செய்கிற விதம்தான் கோளாறு. அலாரம் வைக்க மறந்தது, தேதியை மாற்றி எழுதியது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை தானே சரியாகிவிடும்.

தேதியை மட்டும் நகர்த்துவது

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். 14 என்று எழுதிய கைக்கே 20 என்பதும் தெரியும். 13ஆம் தேதி இரவு உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர் எந்தத் தேதியை வைத்துப் போடுவார்?

1955இல் நார்த்கோட் பார்க்கின்சன் ‘தி எகனாமிஸ்ட்’ இதழில் எழுதிய கட்டுரை, கொடுத்த நேரம் முழுவதையும் நிரப்பும்வரை வேலை விரிந்துகொண்டே போகும் என்று தொடங்கும். அவர் கிண்டல் செய்தது அரசு அலுவலகங்களை, ஆனால் ஒற்றை ஆள் வேலையிலும் அதேதான் நடக்கிறது. மொழிபெயர்ப்பில் விரிவது தட்டச்சு அல்ல. முதல் பத்தியை மாற்றி மாற்றி எழுதுவதும், ஒரு சொல்லுக்காக அரை நாள் அகராதிகளில் அலைவதும், ஏற்கெனவே சரியாக இருந்த வாக்கியத்தை மறுபடி திருத்துவதும்தான் விரிகின்றன. இவை எதுவும் சோம்பல் போலத் தெரியாது, மும்முரமாக வேலை செய்வதாகவே தோன்றும். அதனால்தான் ஆள் ஏமாந்துபோகிறார்.

2002இல் டான் ஏரியலியும் கிளவுஸ் வெர்டன்ப்ரோக்கும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று கட்டுரைகளில் பிழை திருத்த வேண்டும், மொத்தம் மூன்று வாரம். வாரத்துக்கு ஒன்று என்று கெடு விதிக்கப்பட்டவர்கள்தான் அதிகப் பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். தாமே கெடு வைத்துக்கொண்டவர்கள் நடுவில், கடைசி நாள் மட்டும் கெடுவாக இருந்தவர்கள் கடைசியில். இந்த ஆய்வை எடுத்துச் சொல்கிறவர்கள், ‘பார்த்தீர்களா, சொந்தக் கெடு வேலை செய்கிறது’ என்று முடித்துவிடுவார்கள். ஆனால் அந்தச் சொந்தக் கெடுவை ஆய்வில் பங்கேற்றவர்கள் ஆய்வாளர்களிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டியிருந்தது, தாமதித்தால் நாளுக்கு இவ்வளவு என்று பணமும் பிடிக்கப்பட்டது. மனசுக்குள் வைத்துக்கொண்ட தேதி அல்ல அது.

சரி, எப்படி வைப்பது? 12,000 சொல் உள்ள நூல், 1ஆம் தேதி கைக்கு வருகிறது, 2ஆம் தேதி தொடங்குகிறீர்கள், 20இல் கொடுக்க வேண்டும், நாளுக்கு 1,500 சொல் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ‘14க்குள் முடிப்பேன்’ என்று எழுதாதீர்கள். நூலை மூன்றாக வெட்டி, 4, 7, 10 ஆகிய தேதிகளின் இரவில் 4,000 சொல் வீதம் படிக்க ஒருவரிடம் அனுப்புவதாகச் சொல்லிவிடுங்கள். அவர் தன் வேலையை ஒதுக்கிவிட்டுக் காத்திருப்பார், அதுதான் கெடு. 12க்குள் கடைசிக் குறிப்புகள் வந்துசேரும், 13லும் 14லும் திருத்தம்.

இதன் பெரிய லாபம் வேறு. 4ஆம் தேதி இரவு 2,500 சொல்தான் ஆகியிருக்கிறது என்றால், நாளுக்கு சுமார் 830. இதே வேகத்தில் வரைவு முடிய 16 ஆகும், படிக்க இரண்டு நாள், திருத்த இரண்டு நாள், மிகச் சரியாக 20. ஒரு நாள் காய்ச்சல் வந்தால்கூடத் தவறிவிடும். இதை 5ஆம் தேதியே பதிப்பாளரிடம் சொன்னால் அவர் அச்சகத்தில் தேதியை மாற்ற முடியும். ஒரு முறை ஒருவர் இதே நிலவரத்தை 19ஆம் தேதி மாலையில் என்னிடம் சொன்னார், அதுவும் பாதி நூல் இன்னும் மிச்சம் இருக்கும்போது. 14 என்று சுவரில் ஒட்டி வைத்திருந்தாராம்.

ஒவ்வொரு துண்டிலும் உபரி நாள் வைப்பது

மூன்று துண்டுக்கும் இரண்டிரண்டு நாள் கூடுதலாக வைத்தால், மூன்றும் அந்த இரண்டு நாளையும் தின்றுவிடும். உபரியை மொத்தமாகக் கடைசியில் வையுங்கள். மேலே 15 முதல் 20 வரை இருப்பது அதுதான், காய்ச்சலுக்கும் மூல ஆசிரியரிடமிருந்து தாமதமாக வரும் பதிலுக்கும். மெருகேற்ற அல்ல.

பொய்த் தேதியை மற்றவர்களிடம் நிஜமென்று சொல்வது

ஒரு தடவை தெரிந்துவிட்டால், அப்புறம் நீங்கள் சொல்லும் எந்தத் தேதியோடும் ஐந்து நாளைக் கூட்டிக்கொள்வார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்கெடு

ஒரு மணி நேர வேலைக்கு வேண்டாம். உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

முடிந்ததைக் கையில் வைத்திருப்பது

14ஆம் தேதி முடிந்ததா, 14ஆம் தேதியே அனுப்புங்கள். கோப்பு திறந்தே இருந்தால் அந்த முதல் பத்தியை மறுபடி தொடுவீர்கள்.