பிணைப்பு உடைந்தால் வெப்பம் வருமா? மெதேனை எரித்துப் பார்க்கும் ஒரு கணக்கு

மட்டக்களப்பில் உயர்தர இரசாயன வகுப்பு ஒன்றுக்குள் போய், “எரிவாயு எரியும்போது வெப்பம் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். பாதிப்பேராவது, “பிணைப்புக்குள்ள சக்தி இருக்கு சேர், அது உடையக்க வெளிய வருது” என்பார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இதையே சொல்வார்கள். “உணவில் சக்தி சேமிக்கப்பட்டுள்ளது” என்று சின்ன வகுப்பிலிருந்தே கேட்டு வந்ததன் விளைவு இது. ஆனால் உண்மை நேர் எதிரானது. பிணைப்பை உடைக்கச் சக்தி செலவாகும்; பிணைப்பு உருவாகும்போதுதான் சக்தி வெளிவரும். ஒரு கொப்பியும் கல்குலேட்டரும் இருந்தால் இதை நீங்களே கணக்குப் போட்டு உறுதிசெய்யலாம்.

படி 1: முதலில் நைதரசனிடம் கேளுங்கள்

பிணைப்புச் சக்தி அட்டவணையை எடுத்து நைதரசன் மூலக்கூறைத் தேடுங்கள். அதன் மும்மைப் பிணைப்புக்கு மூலுக்கு 945 கிலோ யூல் அளவில் போட்டிருக்கும். ஒட்சிசனின் இரட்டைப் பிணைப்புக்கு 498 மட்டுமே.

பிணைப்புக்குள் சக்தி அடைந்து கிடக்கிறது என்பது சரியானால், நைதரசன்தான் அருமையான எரிபொருளாக இருக்க வேண்டும். நாம் மூச்சிழுக்கும் காற்றில் 78 வீதம் அதுதான். அப்படியானால் அடுப்பில் தீக்குச்சியைக் கிழித்ததும் ஊரே பற்றியிருக்க வேண்டும். பற்றவில்லை, நைதரசன் எதனுடனும் இலகுவில் சேராத வாயு. 945 என்பது உள்ளே இருக்கும் சக்தி அல்ல, அந்தப் பிணைப்பை உடைக்க நாம் கட்ட வேண்டிய விலை. இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் இலகு.

படி 2: ஒட்டிய காந்தங்களைப் பிரியுங்கள்

இரண்டு காந்தங்கள் ஒட்டியிருந்தால் பிரிக்க நாம்தான் இழுக்க வேண்டும். கிட்ட விட்டால் தாமாகப் பாய்ந்து ‘டக்’ என்று ஒட்டும். சத்தம் வருவது ஒட்டும்போதுதான். அணுக்களும் அப்படியே: பிணைந்த நிலையில் சக்தி குறைவு, பிரிந்த நிலையில் அதிகம். பலமான பிணைப்பு என்றால், சேரும்போது அதிக சக்தியை வெளியே விட்டுவிட்டு ஆழமாக இறங்கிய பிணைப்பு என்று பொருள்.

படி 3: மெதேன் கணக்கு

சாணத்திலிருந்து எடுக்கும் உயிர்வாயுவில் பெரும்பங்கு மெதேன். அம்பாறைப் பக்கத்து வயல்களில் தண்ணீர் கட்டி நிற்கும் சேற்றிலும் இது உண்டாகிறது. அதை எரிக்கும் சமன்பாடு:

```
CH4 + 2 O2 → CO2 + 2 H2O
```

சமன்பாட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மூலக்கூறுகளைக் கோடு போட்டு வரைந்து, கோடுகளை எண்ணுங்கள். பிழைகளில் பெரும்பாலானவை இந்த எண்ணுகையில்தான் நடக்கின்றன. நீரில் இரண்டு O–H இருக்கின்றன, நீர் மூலக்கூறும் இரண்டு, ஆகவே மொத்தம் நான்கு. அதை இரண்டு என்று எழுதுகிறவர்கள் நிறைய.

```
உடைப்பவை:    4 × C–H = 4 × 413 = 1652
             2 × O=O = 2 × 498 =  996
             மொத்தம்            = 2648
உருவாகுபவை:  2 × C=O = 2 × 799 = 1598
             4 × O–H = 4 × 463 = 1852
             மொத்தம்            = 3450
ΔH = 2648 − 3450 = −802 kJ mol⁻¹
```

உடைக்க 2648 கொடுத்தோம், உருவாகும்போது 3450 கிடைத்தது. மிச்சம் வந்த 802தான் அடுப்பின் வெப்பம். லைட்டரின் பொறி எதற்கு என்பதும் இதில் தெரிகிறது: முதலில் சில பிணைப்புகளை உடைக்க யாராவது சக்தி கொடுத்தாக வேண்டும். அப்புறம் வெளிவரும் வெப்பமே அடுத்த மூலக்கூறுகளுக்குப் போதும்.

இங்கே ஒரு விஷயம். சுவாலைக்குள் எல்லாப் பிணைப்பும் முதலில் உடைந்து, பிறகு எல்லாம் ஒன்றாகச் சேர்வதில்லை. தாக்கம் பல சிறு படிகளாக நடக்கிறது. தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால் எந்த வழியில் போனாலும் வித்தியாசம் மாறாது என்பதால் நமக்கு இந்தக் குறுக்குவழி செல்லும்.

விடை பிசகினால் இரண்டு இடங்களைப் பாருங்கள். 690 வந்தால், காபனீரொட்சைட்டுக்கு உரிய 799க்குப் பதில் மற்றக் காபனைல் சேர்வைகளுக்கான 743ஐப் போட்டிருப்பீர்கள். புத்தகத்தில் 890 என்று இருந்தால் உங்கள் கணக்கில் பிழையில்லை. அங்கே நீர் திரவமாக இருக்கிறது. இரண்டு மூல் நீராவி ஒடுங்கும்போது வரும் 88உம் சேர்ந்துவிட்டது.

படி 4: வெப்பம் எங்கிருந்து வந்தது?

இனிக் கணக்கைச் சோடியாகப் பிரியுங்கள். நான்கு C–H போய் நான்கு O–H வந்தன: 4 × 50 = 200 இலாபம். இரண்டு O=O போய் இரண்டு C=O வந்தன: 2 × 301 = 602. மொத்தம் அதே 802. இதில் நாலில் மூன்று பங்கு, ஒட்சிசனின் பலங்குறைந்த இரட்டைப் பிணைப்பு போய்ப் பலமான ஒன்று வந்ததால் கிடைத்தது. எல்லாரும் மெதேனைக் காட்டி “இதற்குள் சக்தி இருக்கிறது” என்கிறோம். ஒட்சிசனை யாரும் கண்டுகொள்வதில்லை. மெதேனும் ஒட்சிசனும் சேர்ந்த சோடிக்குத்தான் அந்தச் சக்தி சொந்தம். ஒட்சிசன் இல்லாத இடத்தில் மெதேன் எரியாமல் அப்படியே கிடக்கும்.

உயிரியல் படிக்கிறவர்களுக்கு

“அப்ப ATPஇல உயர்சக்திப் பிணைப்பு எண்டு படிச்சோமே சேர்?” இந்தக் கேள்வி கட்டாயம் வரும். அங்கேயும் பொசுபேற்றுப் பிணைப்பை உடைக்கச் செலவுதான். ஆனால் ATP தனியாக உடைவதில்லை, நீருடன் தாக்கமுறுகிறது. பழைய பிணைப்புகள் போகப் புதியவை உருவாகின்றன. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த மறையேற்றங்கள் விலகுகின்றன, விளைவுகளை நீர் நன்றாகச் சூழ்ந்துகொள்கிறது. எல்லாம் கழித்து நியம நிலையில் மூலுக்கு ஏறத்தாழ 30 கிலோ யூல் மிஞ்சும். பரீட்சையில் “பிணைப்பு உடைவதால்” என்று எழுதாமல் “நீர்ப்பகுப்பின்போது” என்று எழுதுங்கள்.

உருகுவது அணுவா?

இதே குடும்பத்தில் இன்னொரு குழப்பம்: செம்பு உருகினால் செம்பு அணுவும் உருகும் என்று நினைப்பது. அணு அப்படியே இருக்கும். அணுக்கள் அடுக்கி நிற்கும் ஒழுங்குதான் குலைகிறது. தனியொரு அணுவுக்கு உருகுநிலை கிடையாது.

வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீனுக்குப் போடும் ஐஸைக் கணக்கில் எடுங்கள். ஒரு மூல் ஐஸ் உருக 6 கிலோ யூல் போதும். அந்த நீரின் O–H பிணைப்புகளை உடைக்க 926 வேண்டும். ஆகவே உருகும்போது மூலக்கூறு உடைவதில்லை, மூலக்கூறுகளுக்கு இடையிலான கவர்ச்சியில் ஒரு பகுதி மட்டும் தளர்கிறது. கொதிக்கும் நீரின் குமிழிக்குள் இருப்பதும் ஐதரசனும் ஒட்சிசனும் அல்ல, நீராவிதான்.

செய்து பாருங்கள்

வயலுக்கு வீசும் யூரியாவின் தொடக்கம் அமோனியா. படி 1இல் பார்த்த அதே நைதரசன்:

```
N2 + 3 H2 → 2 NH3
N≡N = 945, H–H = 436, N–H = 391
```

−93 வர வேண்டும். +93 வந்தால் உருவாகியதிலிருந்து உடைத்ததைக் கழித்திருக்கிறீர்கள். இன்னும் பெரிய நேர் எண் வந்தால் N–H கோடுகளை மறுபடி எண்ணுங்கள், ஆறு இருக்க வேண்டும். சரி, தாக்கம் வெப்பத்தை வெளிவிடுகிறதே, பிறகு ஏன் தொழிற்சாலையில் இரும்பு ஊக்கியும் 450 பாகை செல்சியஸ் அளவிலான வெப்பநிலையும் வேண்டியிருக்கிறது? 945ஐ இன்னொரு முறை பாருங்கள்.