போர்டில் பெயரை மாற்றியாச்சு, தண்ணீரில் பழைய பெயர் நிற்கிறதே? தேங்கிய நீரின் பிம்பத்தைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை விட்ட தெரு, கடை வாசலில் தேங்கிய தண்ணீர், அதில் கடை போர்டு தலைகீழாகத் தெரிகிறது. இப்படி ஒரு படத்தை போட்டோஷாப்பில் திறந்து "முருகன் ஸ்டோர்ஸ்" என்பதை "வள்ளி ஸ்டோர்ஸ்" என்று மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்டை அழகாக முடித்துவிட்டு, தண்ணீரில் இருக்கும் பழைய எழுத்தைக் குளோன் ஸ்டாம்ப்பால் அழித்துவிட்டு, புது போர்டைக் காப்பி எடுத்துக் கவிழ்த்து ஒட்டுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. வேலை கெடுவது அந்த அழிக்கிற இடத்தில்தான். பழைய பிம்பம் குப்பை இல்லை, புதுப் பிம்பம் எங்கே, எவ்வளவு பெரிதாக, எவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும் என்பதற்கான அளவுகோல் முழுக்க அதில்தான் இருக்கிறது. அதனால் அழிக்கும் முன் லேயரை ஒரு நகல் எடுத்து வையுங்கள், பழைய பிம்பத்தில் போர்டின் நான்கு மூலைகளையும் தனி லேயரில் புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கவிழ்ப்பது. இதற்கு Flip Vertical தான் வேண்டும், Rotate 180° இல்லை. இரண்டும் தலைகீழாகத்தான் தெரியும், அதனால் அவசரத்தில் மாற்றிப் போடுவது சகஜம். ஆனால் தண்ணீர் மேலது கீழாக மட்டுமே மாற்றும், இடது வலதைத் தொடாது. போர்டில் "வ" இடது ஓரத்தில் இருந்தால் தண்ணீரிலும் இடது ஓரத்தில்தான் இருக்கும். சரிபார்ப்பது சுலபம்: முடித்த படத்தை முழுசாக 180° சுழற்றித் தலைகீழாகப் பாருங்கள். பிம்பத்தில் உள்ள பெயரைச் சரளமாக வாசிக்க முடிந்தால் தப்பு. கண்ணாடியில் பார்த்த மாதிரி எழுத்துகள் இடவலமாகப் புரண்டிருந்தால் சரி.

கவிழ்த்த காப்பியை அப்படியே போர்டின் அளவிலேயே வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. தண்ணீரில் தெரிவது போர்டின் நகல் இல்லை. தரைக்குக் கீழே, நீங்கள் எவ்வளவு உயரத்தில் கேமராவைப் பிடித்தீர்களோ அதே ஆழத்தில் இன்னொரு கேமராவை வைத்து அண்ணாந்து எடுத்த காட்சி என்று நினைத்துக்கொண்டால் எல்லாம் பிடிபடும். கேமரா சாயாமல் நேராக இருந்து போர்டும் நேர் எதிரே இருந்தால் வெறும் கவிழ்ப்பு போதும். ஆனால் தேங்கிய தண்ணீரும் படத்துக்குள் வர வேண்டுமே என்று எல்லோரும் கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்ப்போம், சாய்த்ததுமே பிம்பம் சிறுத்துவிடும். ஒரு கணக்கு பார்ப்போம். கடை 8 மீட்டர் தள்ளி, கேமரா 1.5 மீட்டர் உயரத்தில், 10 டிகிரி கீழே சாய்ந்திருக்கிறது. போர்டு தரையிலிருந்து 3 மீட்டரில் தொடங்கி 4 மீட்டரில் முடிகிறது. படத்தில் போர்டின் உயரம் 423 பிக்சல் என்றால், அதன் பிம்பம் 314 பிக்சல்தான் வரும். அகலமும் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறையும். இதைக் கவனிக்காமல் 423-லேயே ஒட்டினால், என்ன தப்பு என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கிறது என்று கண்டிப்பாகத் தோன்றும்.

இந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டியதில்லை, பழைய பிம்பம் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது. Edit > Transform > Distort எடுத்து, கவிழ்த்த போர்டின் நான்கு மூலைகளையும் குறித்து வைத்த நான்கு புள்ளிகளில் இழுத்து வையுங்கள், அவ்வளவுதான். போர்டைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்துக்கும் இதே வழிதான். ஒரு மூலை தண்ணீருக்கு வெளியே விழுந்து தெரியாமல் போனால், தெரிகிற இரண்டு விளிம்புகளைக் கோடு போட்டு நீட்டி அவை வெட்டும் இடத்தை எடுத்துக்கொள்ளலாம். சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி போர்டாக இருந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் கீழிருந்து பார்க்கும் காட்சியில் பெட்டியின் அடிப்பக்கம் கூடுதலாகத் தெரியும், அது மேலே உள்ள போர்டிலிருந்து காப்பி எடுத்தால் கிடைக்காது. அந்த அடிப்பக்கத்தைப் பழைய பிம்பத்திலிருந்து அப்படியே விட்டுவிட்டு எழுத்துப் பரப்பை மட்டும் மாற்றுங்கள்.

அடுத்தது வெளிச்சம். ஒபாசிட்டியை 50 ஆக்கினால் பிம்பமாகிவிடும் என்று நினைக்கிறார்கள், ஆகாது. நேர் மேலிருந்து பார்த்தால் தண்ணீர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்து பார்த்தால் 6 சதவீதம், 80 டிகிரியில் 35 சதவீதம் அளவுக்கு ஏறும். நம் கடைப் படத்தில் கோணம் 55-லிருந்து 60 வரை, அதாவது 5, 6 சதவீதம்தான். பிக்சல் எண்கள் வெளிச்சத்தின் அளவோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை, அதனால் வெள்ளை போர்டு 255 என்றால், தண்ணீரில் அதன் பங்கு 13, 15 இல்லை, 65-ஐ ஒட்டி இருக்கும். இந்தப் பங்கு, தண்ணீருக்கு அடியில் தெரியும் சேற்றின் நிறத்தோடு கூடுகிறது. கூடுகிறது என்பதுதான் முக்கியம். கறுப்பு எழுத்து தண்ணீரில் எதையும் கறுப்பாக்காது. வெளிச்சம் வராத அந்த இடத்தில் அடியில் உள்ள மண்ணும் கல்லும் தெரியும், அதனால் பிம்பத்தில் எழுத்து மண் நிறத்தில்தான் இருக்கும். Normal மோடில் ஒபாசிட்டி குறைத்து ஒட்டினால் எழுத்து இருக்கும் இடமெல்லாம் சாம்பல் படிந்த மாதிரி ஆகிவிடுவது இதனால்தான். லேயரை Screen அல்லது Linear Dodge மோடில் வைத்து, Levels-இல் வெளுப்பைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், பழைய பிம்பத்தின் வெள்ளையோடு ஒத்துப்போகும்வரை. அடியில் இருக்கும் லேயர் இருண்ட சேற்று நிறமாக இருப்பது அவசியம். பழைய எழுத்தை அழிக்க, வானம் பிரதிபலிக்கும் பளிச்சென்ற நீரிலிருந்து குளோன் எடுத்திருந்தால் வெளிச்சத்தின் மேல் வெளிச்சம் ஏறி எல்லாம் வெளுத்துப்போகும்.

மங்கலும் பலர் ஏமாறும் இடம். தண்ணீர் காலடியில் இருக்கிறது, அது ஷார்ப்பாக இருக்கிறது, ஆகவே பிம்பமும் ஷார்ப்பாக இருக்க வேண்டும் என்று நினைப்பது தப்பு. வெளிச்சம் போர்டிலிருந்து தண்ணீருக்கு வந்து, பிறகு கேமராவுக்கு வருகிறது, லென்ஸுக்குத் தெரிவது அந்த மொத்தத் தூரம். கேமரா தண்ணீரின் ஓரத்தில் போகஸ் ஆகி பின்னால் இருக்கும் போர்டு மங்கியிருந்தால் பிம்பமும் ஏறத்தாழ அதே அளவுக்கு மங்க வேண்டும். மிதக்கும் வேப்பிலையும் நீட்டிக்கொண்டிருக்கும் ஜல்லியும் மட்டும் ஷார்ப்பாக இருக்கும். அவை எல்லாம் பிம்பத்துக்கு மேலே வர வேண்டியவை, அதனால் அவற்றைத் தனியாகத் தேர்வு செய்து மாஸ்க்கில் கறுப்பு அடித்து விடுங்கள். நீரின் கரை ஓரத்திலும் அப்படியே. மாஸ்க் விளிம்பு ஒரே சீராகக் கத்தரித்த மாதிரி இருக்கக் கூடாது, ஈர மண்ணில் தண்ணீர் மெல்லக் கரையும் இடத்தில் பிம்பமும் கரைய வேண்டும்.

சிற்றலை இருந்தால் Ripple ஃபில்டரை மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் போடாதீர்கள். தூரத்து அலை நெருக்கமாகவும் சின்னதாகவும், பக்கத்து அலை அகலமாகவும் தெரியும். படத்தில் இருக்கும் அலையையே பயன்படுத்துவது நல்லது: எழுத்து இல்லாத நீர்ப்பரப்பைச் சாம்பல் நிறமாக்கி, லேசாக மங்கவைத்து PSD-யாகச் சேமித்து, Filter > Distort > Displace-க்கு அதை வரைபடமாகக் கொடுக்கலாம். அதில் சராசரிச் சாம்பல் 128-ஐ ஒட்டி இருக்கும்படி முதலில் சரிசெய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் பிம்பம் முழுவதும் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். செங்குத்து நகர்வைக் கிடைமட்டத்தைவிடக் கூடுதலாக வையுங்கள், சாய்ந்த கோணத்தில் பார்க்கும் தண்ணீரில் பிம்பம் மேல்கீழாகத்தான் அதிகம் இழுபடும். அலை பழைய பிம்பத்தின் போர்டு விளிம்பை எவ்வளவு நெளித்திருக்கிறது என்று நகல் லேயரை இயக்கி, அணைத்துப் பார்த்து ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும்.

இரவுப் படம் என்றால், சிவப்பு விளக்குப் போர்டை நீலமாக மாற்றியிருந்தால், தேங்கிய நீரை மட்டும் திருத்தி நிறுத்தாதீர்கள். ஈரத் தார் ரோட்டில் நீண்டு கிடக்கும் சிவப்புக் கோடும், படிக்கட்டிலும் ஷட்டரிலும் படிந்த சிவப்புச் சாயலும் அதே போர்டின் வெளிச்சம்தான், அவற்றையும் Hue/Saturation-இல் சிவப்பை மட்டும் தேர்ந்து நீலத்துக்குத் திருப்ப வேண்டும்.